30 பிள்ளைகள், ஒரு சின்ன அறை, ஒரே ஆள்: எப்படி விளையாட வைப்பது?

சுண்டெலி | ஜூன் 7, இரவு 9:10

வாரம் ஒரு தடவை பிள்ளைகளை விளையாட வைக்கும் வேலை எனக்கு, இன்று முதல் நாள். 8 வயதிலிருந்து 10 வயது வரை 30 பிள்ளைகள், 50 நிமிடம், பெரியவர் என்று நான் ஒருத்திதான். அறை 20 அடிக்கு 16 அடி. ஒரு நீளச் சுவர் முழுக்க அலமாரி, அது 2 அடியைத் தின்றுவிடுகிறது. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது.

நாற்காலி விளையாட்டு வைத்தேன். 30 நாற்காலிக்கு இடம் ஏது, அதனால் பழைய பேப்பரைத் தரையில் விரித்து, பாட்டு நின்றதும் அதில் ஏறி நிற்க வேண்டும் என்றேன். ஆறாவது சுற்றில் இரண்டு மண்டைகள் மோதின. பெரிய காயம் இல்லை, பெரிய அழுகை. பத்தாவது சுற்றில் திரும்பிப் பார்த்தால், அவுட் ஆன பத்துப் பேரும் அலமாரி ஓரத்தில் சொந்தமாக ஒரு மல்யுத்தப் போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் என் விளையாட்டைவிட அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

கேள்வி இதுதான்: சின்ன இடத்தில் 30 பேரும் விளையாடுகிற மாதிரி நல்ல விளையாட்டுகள் நாலைந்து சொல்லுங்கள்.

மழைக்கால் | ஜூன் 7, இரவு 9:32

எதற்கு அறை? வெளியே கூட்டிக்கொண்டு போய் ஓட விடுங்கள். அரை மணி நேரத்தில் தானாக அடங்கிவிடுவார்கள்.

சுண்டெலி | ஜூன் 7, இரவு 9:35

வெளியே இடம் இருந்தால் நான் ஏன் இங்கே வந்து புலம்புகிறேன்? கதவைத் திறந்தால் நடைபாதை, அதற்கப்புறம் படிக்கட்டு.

நாலாம் பெஞ்சு | ஜூன் 7, இரவு 10:04

அக்கா, இது விளையாட்டுப் பிரச்சினை இல்லை, கட்டுப்பாட்டுப் பிரச்சினை. ஒரு விசில் வாங்குங்கள். இருப்பதிலேயே வாலுப் பிள்ளைகள் ஐந்து பேரைப் பிடித்துத் தலைவர்களாகப் போடுங்கள். நான் படித்த காலத்தில் என்னை அப்படித்தான் லீடராக்கி அடக்கினார்கள்.

பழைய விசில் | ஜூன் 8, காலை 6:15

30 வருஷம் உடற்கல்வி எடுத்தவள் சொல்கிறேன். விசில் மைதானத்துக்கானது. மூடிய அறையில் ஊதினால் முதலில் உங்கள் காதுதான் போகும். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்காது.

சுண்டெலி, என்ன விளையாட்டு என்று கேட்காதீர்கள் அம்மா. ஒரே நேரத்தில் எத்தனை பேர் காலில் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். நேற்று 30 பேரும் நின்றார்கள், நகர்ந்தார்கள். அந்த அறையில் ஐந்தாறு பேருக்கு மேல் நடக்கக் கூடாது. மற்றவர்கள் உட்கார்ந்தே விளையாட வேண்டும். அதோடு, அவுட் ஆகி வெளியே போகிற எந்த விளையாட்டும் கூடாது. அவுட் ஆன பிள்ளைக்கு வேலை கொடுக்க உங்களுக்கு இன்னொரு கை இல்லை.

கூட்டிக்கழி | ஜூன் 8, காலை 8:40

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 × 16 = 320 சதுர அடி. அலமாரிக்கு 40 போச்சு, கதவு திறக்கிற இடமும் நீங்கள் நிற்கிற இடமும் 20 என்று வைத்தால் மிச்சம் 260. முப்பதால் வகுத்தால் ஆளுக்கு 9 சதுர அடிகூட இல்லை. மூன்றடிக்கு மூன்றடிக்கும் கொஞ்சம் கம்மி. அதில் ஓடச் சொன்னது நீங்கள், மோதியதற்குப் பிள்ளைகளைச் சொல்கிறீர்கள்.

இன்னொன்று. 30 பேர் நாற்காலி விளையாட்டில் ஒருவர் மிஞ்ச 29 சுற்று வேண்டும். சுற்றுக்கு 40 நொடி என்றாலும் 19 நிமிடம் ஆகும். முதலில் அவுட் ஆன பிள்ளைக்கு அத்தனை நேரமும் சும்மா உட்காரும் தண்டனை.

சுண்டெலி | ஜூன் 8, காலை 9:20

முதலில் அவுட் ஆனது யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. வந்திருந்தவர்களில் சின்னப் பையன். மல்யுத்தத்தை ஆரம்பித்து வைத்தவனும் அவன்தான். இப்போது புரிகிறது.

சரி. ஆறு பேராக ஐந்து குழு, ஐந்து மூலை, மூலைக்கு ஒரு விளையாட்டு, 7 நிமிடத்துக்கு ஒருமுறை குழு அடுத்த மூலைக்கு மாறும். அடுத்த வாரம் இதுதான். (அறைக்கு நாலு மூலைதான் என்று கூட்டிக்கழி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

கூட்டிக்கழி | ஜூன் 8, காலை 9:22

சொல்லத்தான் வந்தேன்.

சுண்டெலி | ஜூன் 14, இரவு 8:50

பாதி தேறியது. பாதி நாறியது.

தேறியது உட்காரும் ஏற்பாடு. காலையில் அரை மணி நேரம் முன்னால் போய் மாஸ்கிங் டேப்பால் தரையில் ஐந்தடிச் சதுரம் ஐந்து ஒட்டினேன். ஆறு பிள்ளைகள் வட்டமாகச் சம்மணம் போட்டால் முதுகு முதுகாக அளந்து ஐந்தடி வருகிறது. இதை வீட்டிலேயே ஆறு தலையணை வைத்து அளந்தேன், சிரிக்காதீர்கள். அலமாரி இல்லாத நீளச் சுவர் ஓரம் மூன்று சதுரம், அலமாரிப் பக்கம் இரண்டு. மூன்றாவது சதுரம் வந்திருக்க வேண்டிய இடத்தில் கதவும் நானும். இரண்டு வரிசைக்கும் நடுவில் நாலடி வழி. அந்த வழியில் யாரும் உட்காரக் கூடாது, பை வைக்கக் கூடாது. பைகள் எல்லாம் வெளியே நடைபாதைச் சுவர் ஓரம் போயின. அது மட்டுமே ஒரு சதுரத்துக்கான இடத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

நாறியது மாறும் நேரம். 7 நிமிடம் ஆனதும் “அடுத்த இடத்துக்குப் போங்க” என்றேன். 30 பேரும் ஒரே நேரத்தில் எழுந்து அந்த நாலடி வழியில் இறங்கினார்கள். போன வாரம் நடந்ததேதான், பாட்டு மட்டும் இல்லை. மறுபடி எல்லாரும் உட்கார 4 நிமிடம் ஆனது. இரண்டு குழுவுக்கு இடையில் “இது எங்க இடம்” தகராறு. நாலு மாற்றத்துக்கு 16 நிமிடம் போயிருக்கும், நல்ல வேளையாக மூன்றாவதோடு நிறுத்திவிட்டேன்.

மழைக்கால் | ஜூன் 14, இரவு 9:15

கடிகாரச் சுற்றாகப் போகச் சொல்லியிருக்கலாமே?

சுண்டெலி | ஜூன் 14, இரவு 9:18

சொன்னேன். எட்டு வயதுக்காரனுக்கு வட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது கடிகாரம் எந்தப் பக்கம் சுற்றும் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கே ஒரு நொடி குழம்பியது.

பழைய விசில் | ஜூன் 15, காலை 6:05

ஐந்தாறு பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்று சொன்னேன். மாறும் நேரத்துக்கும் அது பொருந்தும் என்று சொல்ல விட்டுப்போனது, என் தப்பு.

பிள்ளைகளை நகர்த்தாதீர்கள். பெட்டியை நகர்த்துங்கள். விளையாட்டுக்கு ஒரு பெட்டி. 7 நிமிடம் ஆனதும் குழுவுக்கு ஒருவர் எழுந்து தன் பெட்டியை அடுத்த சதுரத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். நடப்பது ஐந்து பேர். 25 பேர் இருந்த இடத்தில் இருப்பார்கள்.

சுண்டெலி | ஜூன் 15, காலை 7:30

டீச்சர், இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிஞ்சியிருக்கும்.

பழைய விசில் | ஜூன் 15, காலை 7:41

முதல் நாள் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நாலாம் பெஞ்சு | ஜூன் 15, காலை 11:00

பெட்டி தூக்குகிற அந்த ஐந்து பேர்தான் நான் சொன்ன தலைவர்கள். சாரணர் இயக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான ‘கப்ஸ்’, அதாவது குருளைகள், 1916-ல் ஆரம்பித்ததிலிருந்தே ஆறு பேர் ஒரு குழு, அதற்கு ஒரு பிள்ளையே தலைவர், அந்தக் குழுவுக்குப் பெயரே ‘சிக்ஸ்’. நூறு வருஷத்துக்கு மேல் ஓடுகிற ஏற்பாடு. நிரந்தரத் தலைவர் போடுங்கள் அக்கா, வாரா வாரம் மாற்றாதீர்கள்.

பழைய விசில் | ஜூன் 15, மதியம் 1:20

ஆறு என்ற எண் சரி. பத்து பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஒருவர் முறை வர நேரம் பிடிக்கும், அதற்குள் பக்கத்தில் உள்ளவனைக் கிள்ளத் தோன்றும். நாலு பேர் என்றால் குழு ஏழெட்டு ஆகிவிடும், உங்கள் கண் எட்டாது.

நிரந்தரத் தலைவர் என்பது வேறு கதை. குருளைகள் மாதக்கணக்கில் ஒரே குழுவில் இருப்பவர்கள், அவர்களுக்கு நடுவே பெரியவர்களும் இருப்பார்கள். இவர் தனி ஆள், வாரம் ஒரு தடவைதான்.

நாலாம் பெஞ்சு | ஜூன் 15, மதியம் 1:45

ஏற்கவில்லை. ஆனால் டீச்சரோடு வாதாட எனக்குத் தைரியம் இல்லை.

சுண்டெலி | ஜூன் 21, இரவு 9:40

நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பெட்டிகள். பழைய செருப்புப் பெட்டிகளுக்கு வெளியே ஐந்து நிறக் காகிதம் ஒட்டினேன்.

சிவப்பு: ஆறு காகிதக் கோப்பைகள், ஒரு ரப்பர் பேண்ட், அதில் கட்டிய ஆறு நூல்கள். ஆளுக்கு ஒரு நூலைப் பிடித்து எல்லாரும் சேர்ந்து இழுத்தால் ரப்பர் விரியும், விட்டுக்கொடுத்தால் சுருங்கிக் கோப்பையைக் கவ்வும். கையால் தொடாமல் கோப்பைகளை 3, 2, 1 என்று கோபுரமாக அடுக்க வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் அவர் பக்கமாக எல்லாம் சாயும்.

மஞ்சள்: தட்டில் 12 பொருள்கள், மேலே ஒரு துணி. ஒருவர் ஒன்றை எடுத்து ஒளிப்பார், மற்றவர்கள் எது காணோம் என்று சொல்ல வேண்டும்.

பச்சை: குவித்த குச்சிகளில் மற்றது அசையாமல் ஒன்றை எடுப்பது.

நீலம்: ஒரு பகடை. எத்தனை தடவை வேண்டுமானாலும் உருட்டிக் கூட்டிக்கொண்டே போகலாம், போதும் என்று நிறுத்தினால் அந்தப் புள்ளி உனக்கு. நிறுத்துவதற்குள் 1 விழுந்தால் அந்த முறை சேர்த்தது மட்டும் போச்சு.

வெள்ளை: மடித்த தாளில் ஒருவர் தலை, அடுத்தவர் உடம்பு, அடுத்தவர் கால், முன்னவர் வரைந்ததைப் பார்க்காமல்.

இவற்றை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்றால், எதற்கும் முடிவு என்று ஒன்று இல்லை. கோபுரம் முடிந்தால் கலைத்து மறுபடி அடுக்கலாம், தட்டில் இன்னொரு பொருளை எடுக்கலாம். போன வாரம் ஒரு குழு மூன்றே நிமிடத்தில் விளையாட்டை ‘முடித்துவிட்டு’ அடுத்த குழுவின் முதுகில் காகித உருண்டை எறிந்துகொண்டிருந்தது. முடியாத விளையாட்டு என்றால் வேகமான குழுவுக்கும் மெதுவான குழுவுக்கும் ஒரே 7 நிமிடம் போதுகிறது.

உதவியாளர்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாலாம் பெஞ்சு சொன்னதை முழுக்கத் தள்ள மனமில்லாமல் ஒரு குழுவில் மட்டும் பெரிய வால் ஒருவனை ‘பொறுப்பு’ என்று அறிவித்தேன். முதல் பத்து நிமிடம் தங்கக் கம்பி. அப்புறம் “எழுந்து நில்லு”, “உனக்குச் சான்ஸ் கிடையாது”. பக்கத்துக் குழுவையும் மிரட்ட ஆரம்பித்துவிட்டான். அசல் சட்டாம்பிள்ளை, பிரம்பு ஒன்றுதான் பாக்கி.

மற்ற நாலு குழுவில் பொறுப்பு என்ற பேச்சே எடுக்கவில்லை. “மூடி யார் கையில்?” என்று மட்டும் கேட்டேன். பெட்டியின் மூடியை வைத்திருப்பவர்தான் அந்தச் சுற்றின் உதவியாளர். அவருக்கு மூன்றே வேலை. சந்தேகம் இருந்தால் குழு சார்பில் என்னிடம் வருவது, நேரம் ஆனதும் பொருள்களை எண்ணிப் பெட்டியில் போட்டு மூடுவது, பெட்டியை அடுத்த சதுரத்தில் கொடுத்துவிட்டு, எப்படி விளையாடுவது என்று சொல்லிவிட்டு வருவது. அடுத்த சுற்றுக்கு வேறொருவர்.

இந்தக் கடைசி வேலையை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. முதல் மாற்றத்தில் பச்சைப் பெட்டியைக் கொண்டுபோன பெண் அப்படியே குந்தி உட்கார்ந்து, “குச்சியைச் செங்குத்தாப் பிடிச்சு விடு, அப்பத்தான் நல்லா விரியும்” என்று செய்து காட்டிவிட்டு வந்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் ஐந்து குழுவுக்கும் ஐந்து விளையாட்டையும் விளக்கத் தேவையே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இப்போதுதான் விளையாடி முடித்த பிள்ளையைவிட அதை நன்றாக விளக்க யாரால் முடியும்? முதல் சுற்றுக்கான ஐந்து பேருக்கு மட்டும் நான் சொல்லிக் கொடுத்தால் போதும்.

மாறும் நேரம் 4 நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடத்துக்கு இறங்கியது. யாரும் மோதவில்லை.

கூட்டிக்கழி | ஜூன் 21, இரவு 10:10

ஐந்து சுற்று, குழுவுக்கு ஆறு பேர். சுற்றுக்கு ஒருவர் மூடி வைத்திருந்தால் ஒருவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஐந்து குழுவிலும் சேர்த்து ஐந்து பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சுண்டெலி | ஜூன் 21, இரவு 10:14

மூன்று பேர். மற்ற இரண்டு பேர் கவனிக்கவில்லை.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நீலப் பெட்டி நாலாவது குழுவுக்குப் போனபோது அங்கே 1 விழுந்தால் எல்லாருடைய புள்ளியும் மொத்தமாகப் போகும் என்று விதி மாறியிருந்தது. ஐந்தாவது குழுவில் 1 விழுந்தவர் எழுந்து ஒரு சுற்று சுற்றி உட்கார வேண்டும். வாய்வழி மரபு இப்படித்தான் வளர்கிறது போல. தலையிடலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷமாக விளையாடினார்கள், விட்டுவிட்டேன். ஆனால் ‘எழுந்து சுற்றுவது’ என்பது நடக்கிறவர் எண்ணிக்கையை ஏற்றிவிடும், அதை விட்டது தப்பு என்று இப்போது படுகிறது.

பழைய விசில் | ஜூன் 22, காலை 6:10

மூடியின் உள்பக்கம் மூன்று வரி எழுதி ஒட்டுங்கள். மூன்றுக்கு மேல் எழுதினால் படிக்க மாட்டார்கள். சண்டை வந்தால் மூடியைத் திருப்பிப் பார்ப்பார்கள், உங்களிடம் ஓடி வர மாட்டார்கள்.

நீங்கள் எங்கே நின்றீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

சுண்டெலி | ஜூன் 22, காலை 8:00

பெரும்பாலும் ஏதாவது ஒரு குழுவோடு உட்கார்ந்து விளையாடினேன். கோப்பைக் கோபுரம் எனக்கும் பிடித்துப் போய்விட்டது.

பழைய விசில் | ஜூன் 22, காலை 8:12

அதுதான் கேட்டேன். ஒரு குழுவோடு உட்கார்ந்தால் நாலு குழுவுக்கு முதுகைக் காட்டுகிறீர்கள். கதவுப் பக்கம், சுவரில் முதுகு வைத்து நில்லுங்கள். அங்கிருந்து ஐந்து சதுரமும் தெரிகிறதா, கதவு உங்கள் கைக்கு எட்டுகிறதா, அது போதும். ஏதாவது குழுவுக்குப் போக வேண்டியிருந்தால் சுவர் ஓரமாகப் போய், அறையைப் பார்த்தபடி குனியுங்கள். குனிந்த நேரத்தில் தூரத்துச் சதுரத்தைப் பாருங்கள், கிட்ட இருப்பது காதில் விழும்.

தகராறு எப்போது வருகிறது என்று தெரிய ஒரு அடையாளம்: முழங்கால். ஆறு பேரின் முழங்காலும் டேப்புக்குள் இருந்தால் விளையாட்டு நடக்கிறது. இரண்டு பேர் முழங்கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அந்தக் குழுவுக்குப் போரடித்துவிட்டது, இன்னும் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள்.

ஓரத்து ஜன்னல் | ஜூன் 22, மதியம் 3:30

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மகன் காது கேட்கும் கருவி போடுகிறவன், 9 வயது. இந்த மாதிரி நிகழ்ச்சி என்றாலே அவன் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுவான். எல்லாச் சத்தமும் ஒரே அளவில் வந்து விழுகிறதாம். அப்புறம் கூப்பிட்டால் கேட்காது, ‘சொன்ன பேச்சுக் கேட்கவில்லை’ என்று பெயர். உங்கள் அறையில் அப்படி ஒருவன் இருந்தால் எங்கே உட்கார வைப்பீர்கள்?

சுண்டெலி | ஜூன் 22, மதியம் 4:05

என் குழுவில் கருவி போட்டவர் யாரும் இல்லை. ஆனால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு விளையாடும் ஒரு சிறுமி இருக்கிறாள். அவளை எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, மணல் கடிகாரத்தைத் திருப்பும் வேலை கொடுத்தேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் உறுத்துகிறது. அவளை விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டேன், அவ்வளவுதானே?

ஓரத்து ஜன்னல் | ஜூன் 22, மாலை 5:00

அவளிடம் கேட்டீர்களா?

சுண்டெலி | ஜூன் 22, மாலை 5:02

இல்லை.

பழைய விசில் | ஜூன் 22, இரவு 7:15

சத்தத்தையும் இடம் பார்த்து வைக்கலாம். கத்த வைக்கிற பெட்டி இரண்டு, கோப்பையும் பகடையும். அவை பக்கத்துப் பக்கத்துச் சதுரத்தில் வரக் கூடாது. வரிசை சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, வெள்ளை என்று இருந்தால் பெட்டிகள் எத்தனை முறை நகர்ந்தாலும் இரண்டுக்கும் இடையில் ஒரு அமைதிப் பெட்டி இருந்துகொண்டே இருக்கும். சத்தம் தாங்காத பிள்ளைக்கு மூலைச் சதுரத்தில் சுவரை ஒட்டி இடம் கொடுங்கள். பின்னாலிருந்து சத்தம் வராது, மற்ற ஐந்து முகமும் எதிரே தெரியும். கருவி போட்ட பிள்ளைக்கும் முகம் தெரிவது முக்கியம்.

நிறுத்தச் சொல்லும் சைகையும் கண்ணுக்குத் தெரிகிறதாக இருக்கட்டும். நீங்கள் கையைத் தூக்குங்கள். மூடி வைத்திருக்கும் ஐந்து பேர் பார்த்துத் தூக்கினால் போதும், மற்றவர்களை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 30 பேரின் கவனத்தைப் பிடிப்பதைவிட ஐந்து பேரின் கவனத்தைப் பிடிப்பது சுலபம்.

மழைக்கால் | ஜூன் 22, இரவு 7:40

விளக்கை அணைத்தால் எல்லாரும் உடனே நிறுத்திவிடுவார்களே.

சுண்டெலி | ஜூன் 22, இரவு 7:44

முதல் வாரமே அணைத்துப் பார்த்தேன். 30 பேரும் ஒரே குரலில் அலறிய சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்தார்.

சுண்டெலி | ஜூன் 28, இரவு 9:05

இன்றைய நேரக் கணக்கு. உள்ளே வந்து உட்கார 5 நிமிடம். 7 நிமிடச் சுற்று ஐந்து, 35. மாற்றம் நாலு, தலா ஒரு நிமிடத்தை ஒட்டி. கடைசியில் 6 நிமிடம் மிஞ்சியது, வெள்ளைப் பெட்டித் தாள்களை விரித்துக் காட்டினோம். ஆட்டுத் தலையும் விமான உடம்பும் கோழிக் காலும் கொண்ட ஒரு ஜீவன் பெரும் பெயர் பெற்றது.

கை தூக்குவது முதல் இரண்டு தடவை எடுபடவில்லை, மூடிக்காரர்களே விளையாட்டில் மூழ்கிவிட்டார்கள். மூன்றாவது தடவை கையில் சிவப்புத் துணியைப் பிடித்துத் தூக்கினேன், பார்த்தார்கள்.

காதைப் பொத்தும் சிறுமியிடம் கேட்டேன். “மணல் கடிகாரமும் வேணும், விளையாடவும் வேணும்” என்றாள். மூலைச் சதுரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பகடைச் சுற்றில் மட்டும் எழுந்து என்னிடம் வந்துவிட்டாள். அது அவள் தீர்மானம், விட்டுவிட்டேன்.

ஆறாவது பிள்ளைக்கு ஒரு வேலை யோசித்து வைத்திருந்தேன்: கடைசியில் எல்லாப் பொருளையும் சரிபார்த்து அலமாரியில் வைப்பது. ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள்: “அது வேலை இல்ல, க்ளீனிங்.” பதில் சொல்ல முடியவில்லை.

கூட்டிக்கழி | ஜூன் 28, இரவு 9:30

ஆறு சுற்று, சுற்றுக்கு ஐந்தரை நிமிடம்?

சுண்டெலி | ஜூன் 28, இரவு 9:33

கோபுரத்துக்கு ஐந்தரை நிமிடம் பத்தாது. மூன்று கோப்பை ஏறும்போது கையைத் தூக்கினால் என்னைக் கடித்துவிடுவார்கள். இந்த வாரம் விடுபட்டவர் அடுத்த வாரம் முதல் சுற்றில் மூடி பிடிப்பார் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அவர் வந்தால்தான் உண்டு.

அப்படி வருகிற ஐந்து பேரையும் பத்து நிமிடம் முன்னால் வரச் சொல்லிப் பெட்டியைக் காட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். நாலு பெட்டி பழையதே, வாரம் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் சொல்லித் தர வேண்டியது ஒரே ஒருவருக்குத்தான்.

நாலாம் பெஞ்சு | ஜூன் 29, காலை 10:20

அந்த வால் பையன் என்ன ஆனான் அக்கா?

சுண்டெலி | ஜூன் 29, காலை 10:50

மூடி வந்தபோது அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒழுங்காகப் பெட்டியைத் தூக்கிப் போனான். கட்டளை போடத்தான் அவனுக்குக் கூடாது, சுமக்கக் கொடுத்தால் பத்திரமாகச் சுமக்கிறான். உங்கள் யோசனை பாதி சரி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்து ஜன்னல் | ஜூன் 29, மதியம் 12:15

எல்லாம் சரி. ஒரு பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தால், அல்லது ஒருவனைக் கழிவறைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தால், மற்ற 29 பேர்?

சுண்டெலி | ஜூன் 29, மதியம் 12:40

மேல் மாடியில் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அன்று அலறல் கேட்டு வந்தவர்தான். கூப்பிட்டால் வந்து கதவருகில் நிற்பார். அவர் விளையாட வைக்க வேண்டாம், நின்றால் போதும். சிவப்புத் துணியைத் தூக்கினால் பெட்டிகளை மூடி, இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் ஒருமுறை ஒத்திகை காட்டினேன்.

பழைய விசில் | ஜூன் 29, மதியம் 2:00

அந்த ஆள் இல்லாத நாளில் நடத்தாதீர்கள். பிள்ளை உதவியாளர்கள் பெட்டிக்குத்தான் பொறுப்பு, பிள்ளைக்குப் பொறுப்பு இல்லை. அடிபட்டவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அறையை விட்டுப் போகக் கூடாது.

நாலாம் பெஞ்சு | ஜூன் 29, மதியம் 2:30

அவர் ஊருக்குப் போயிருந்தால் 30 பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதா? நடைமுறையில் முடியுமா டீச்சர்?

பழைய விசில் | ஜூன் 29, மதியம் 2:34

நான் அனுப்பியிருக்கிறேன். திட்டினார்கள்.

சுண்டெலி | ஜூலை 5, இரவு 8:30

இன்று 28 பேர்தான். இரண்டு குழுவில் ஐந்தைந்து பேர். ஆறாவது நூல் சும்மா தொங்கியது. ஒரு குழு அதை வெட்டிவிடக் கேட்டது, இன்னொரு குழுவில் ஒருவன் இரண்டு கையிலும் ஒவ்வொரு நூலைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது குழுதான் முதலில் கோபுரம் கட்டியது. அதோடு அந்த இரண்டு குழுவிலும் ஐந்து பேருக்கு ஐந்து சுற்று, எல்லாருக்கும் மூடி கிடைத்தது. கூட்டிக்கழி, உங்கள் கணக்கு 25 பிள்ளைகளுக்குச் சரியாக வரும்.

டேப்பை மூன்று வாரமாக உரிக்காமல் விட்டதில் தரையில் பசை இழுத்துக்கொண்டது. பாதிச் சதுரத்தைக் கத்தியால் சுரண்டினேன். அன்றன்றே உரிப்பவர்கள் பாக்கியவான்கள். சாக்பீஸ் போட்டுப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் கோடு முழுக்க அவர்கள் கால்சட்டையில் இருந்தது.

சுண்டெலி | ஜூலை 5, இரவு 8:52

இப்போதுதான் தகவல் வந்தது. அடுத்த வாரம் 33 பேராம். குழுவுக்கு ஆறோ ஏழோ ஆகும், இல்லையென்றால் ஆறாவது சதுரம் வேண்டும். ஆறாவது சதுரம் என்றால் நான் நிற்கிற இடம்தான் மிச்சம்.

கூட்டிக்கழி | ஜூலை 5, இரவு 8:55

அலமாரி நகருமா?

சுண்டெலி | ஜூலை 5, இரவு 8:57

நாளை காலை போய்த் தள்ளிப் பார்க்கிறேன். நாலாம் பெஞ்சு, நீங்களும் வாருங்கள் தம்பி. ஒரு நாளைக்கு நிரந்தரத் தலைவர் பதவி தருகிறேன்.